மழைத் தண்ணீரும் ரயர் காற்றும்

ஐப்பசி மாதத்து மாலை மழை இரத்மலானையில் அரை மணித்தியாலம் அடித்தால் போதும், காலி வீதியின் இடது ஓரத்தில் தண்ணீர் தேங்கிவிடும். பஸ்கள் நாள் முழுக்க நின்று நின்று புறப்படும் இடங்களில் தார் சற்றே தாழ்ந்திருக்கும். தண்ணீர் அங்கேதான் முதலில் நிற்கும். மொறட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 101 ஆம் இலக்க பஸ் ஒன்று தரிப்பிடத்தைத் தாண்டிப் போய், ஒரு பயணியைக் கண்டதும் சட்டென்று நிற்கிறது. பின்னால் மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்த கார்க்காரர் பிரேக்கை அடிமட்டும் மிதிக்கிறார். பெடல் காலுக்கடியில் துடிக்கிறது. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்பதற்கான துடிப்பு அது. அடுத்த கணமே பஸ்ஸைச் சுற்றிப் போகலாம் என்று ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டுகிறார்.

காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. பி.எஸ்.ஐ. கணக்கில் அது 32. இந்தக் காரின் ரயர்களில் இருப்பதோ 20. பங்சர் எதுவும் இல்லை. நல்ல ரயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. தானாகக் கசியும். எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை யாரும் பார்க்காமல் விட்டால் 32 இப்படித்தான் 20 ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. இன்றைய ரேடியல் ரயரின் பக்கச்சுவர், சரியான காற்று இருக்கும்போதே கொஞ்சம் புடைத்துத்தான் நிற்கும்.

அந்த ஓரிரு விநாடிக்குள் ரயருக்கும் வீதிக்கும் இடையில் என்ன நடக்கிறது, காருக்குள் இருக்கும் கணினி அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது.

பலர் நம்பும் ஒரு கருத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் நான்கு சக்கரங்களில் நிற்கிறது என்றால், ஒரு சக்கரம் சுமப்பது 250 கிலோ. 32 பி.எஸ்.ஐ. காற்று அந்தச் சுமையைத் தாங்க ஏறக்குறைய 110 சதுர சென்ரிமீற்றர் பரப்பு வேண்டும். ஒரு உள்ளங்கை அளவுதான். காற்றை 20 ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு ஏறக்குறைய 175 சதுர சென்ரிமீற்றராக விரியும். அதிக ரப்பர் வீதியைத் தொடுகிறது, ஆகவே அதிகப் பிடி என்று மனம் கணக்குப் போடுகிறது.

மணலில் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்குச் சரி. தண்ணீர் தேங்கிய தாரில் அது நேரெதிர். ரப்பர் தாரைத் தொட வேண்டுமானால், இடையில் இருக்கும் தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும் காரின் தொடுபரப்பு 12 சென்ரிமீற்றர் நீளம் என்றால், ரப்பரின் ஒரு புள்ளி வீதியைத் தொட்டு மறுபடி மேலெழும்பும் வரை கிடைப்பது வெறும் ஐந்தரை மில்லிசெக்கன். அதற்குள் தண்ணீரை நசுக்கித் தவாளிப்புகளுக்குள் தள்ளி, அங்கிருந்து வெளியே விட்டு, பிறகு தாரைப் பிடிக்க வேண்டும். தண்ணீரை நசுக்கும் அழுத்தத்தைத் தருவது ரயருக்குள் இருக்கும் காற்று. பரப்பு விரிந்தால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் விழும் அழுத்தம் குறைகிறது. வெளியேற்ற வேண்டிய தண்ணீரோ கூடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. காற்றுக் குறைந்த ரயரின் நடுப்பகுதி மேல்நோக்கி வளையும். சுமையை இரண்டு ஓரங்களும் தாங்கும். தண்ணீர் போக வேண்டிய பக்கத்திலேயே ஓரங்கள் அணைபோல இறுகி நிற்க, நடுவில் தண்ணீர் சிறைப்படும். உங்கள் காரின் ரயரில் இரு ஓரங்களும் தேய்ந்து நடு மட்டும் புதிதாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், அது நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது.

வேகம் இன்னும் கூடும்போது தண்ணீர் ரயரையே தூக்கிவிடும். எந்த வேகத்தில் தூக்கும் என்பதை முதலில் அளந்து சொன்னவர்கள் விமானத் துறையினர். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த லாங்லி ஆய்வுக்கூடத்தில் வோல்ட்டர் ஹோர்னும் அவருடைய சகாக்களும் ஈர ஓடுபாதையில் ஓடும் சக்கரங்களை ஆராய்ந்து, 1963 இல் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள்.

V = 10.35 √p

இதில் p ரயரின் காற்றழுத்தம், பி.எஸ்.ஐ. அளவில். V மணிக்கு எத்தனை மைல் என்பது. தண்ணீரின் ஆழம் தவாளிப்பின் ஆழத்தைத் தாண்டும்போது, இந்த வேகத்தில் ரயர் முழுவதுமாகத் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். சூத்திரத்தில் காரின் எடை இல்லை, ரயரின் அகலம் இல்லை, விலையும் இல்லை. காற்றழுத்தம் மட்டுமே இருக்கிறது. 32 பி.எஸ்.ஐ.க்கு இது மணிக்கு 94 கிலோமீற்றர் என்று வரும். 20 பி.எஸ்.ஐ.க்கு 75 கிலோமீற்றர்.

இது விமான ரயர்களுக்கென்று பிறந்த கணக்கு. ஆழமான தவாளிப்புள்ள நல்ல கார் ரயர் இதைவிடக் கூடிய வேகம் தாங்கும், தேய்ந்த ரயர் தாங்காது. எனினும் காற்றுக் குறையக் குறைய மிதக்கும் வேகமும் இறங்கும் என்ற உறவு மாறாது. இரத்மலானை விமான நிலையத்து ஓடுபாதைக்கும் அதற்கு அருகே ஓடும் காலி வீதிக்கும் ஒரே இயற்பியல்தான். செஸ்னா 172 போன்ற சிறு பயிற்சி விமானத்தின் பிரதான சக்கரங்களில் இருக்கும் காற்றும் ஒரு காரின் ரயரில் இருப்பதும் ஏறத்தாழ ஒரே அளவு.

பஸ்ஸின் ரயரில் 100 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று இருக்கும். அதே சூத்திரம் அதற்கு மணிக்கு 167 கிலோமீற்றர் என்கிறது. அப்படியென்றால், மழையில் முன்னால் போகும் பஸ் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் போவதைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் பின்னால் போகும் கார்க்காரர் ஒரு தவறான சாட்சியை நம்புகிறார். தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கன மழையில் அந்த வேகத்தில் பஸ்ஸைப் பின்தொடரும் 20 பி.எஸ்.ஐ. காருக்கு மிதக்கும் எல்லை 25 கிலோமீற்றருக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது.

நம்முடைய கார் காலி வீதியில் 60 இல்தான் வந்தது. முழுதாக மிதக்கும் வேகம் அதுவல்ல. ஆனால் மிதப்பது ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. தொடுபரப்பின் முன்விளிம்பிலிருந்து தண்ணீர் ஆப்புபோல நுழையும். வேகம் கூடக் கூட ஆப்பு பின்னோக்கி நீளும். 60 இல் பரப்பின் முற்பகுதி ஏற்கெனவே தண்ணீரின் மேல் இருக்கும், பிற்பகுதி மட்டுமே தாரைப் பிடித்திருக்கும்.

இதை எண்ணில் பார்ப்போம். நல்ல காற்றுள்ள ரயருக்கு அந்த ஈர வீதியில் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து கார் நிற்க 23.6 மீற்றர் ஆகும். காற்றுக் குறைவும் தேய்மானமும் சேர்ந்து அதை 0.45 ஆக்கிவிட்டால் 31.5 மீற்றர். எட்டு மீற்றர் வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றலாம். முதல் கார் நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாவது கார் எந்த வேகத்தில் இருக்கும் என்று பாருங்கள்: மணிக்கு 30 கிலோமீற்றர். அந்த வேகத்தில்தான் அது பஸ்ஸின் பின்புறத்தில் மோதும்.

உலர்ந்த வீதியில் நிலைமை வேறு. பிரேக் தூரத்தில் காற்றுக் குறைவால் வரும் மாற்றம் அங்கே சிறியது. பல மாதங்கள் குறைந்த காற்றோடு ஓடியும் தன் காருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஓடிய நாட்களில் பெரும்பாலானவை உலர்ந்த நாட்கள்.

இப்போது ஏ.பி.எஸ்.ஸுக்கு வருவோம். இதன் வேரும் விமானத்தில்தான் இருக்கிறது. பிரித்தானியாவின் டன்லொப் நிறுவனம் 1950களில் மக்ஸாரெட் என்ற கருவியை விமானச் சக்கரங்களுக்காகச் செய்தது. 1966 இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற காரில் அது இடம்பிடித்தது. இன்று நாம் அறிந்த மின்னணு வடிவத்தை பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் 1978 இல் கொண்டுவந்தன.

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு உணரி, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அளந்துகொண்டே இருக்கும். கார் உண்மையில் போகும் வேகத்தைக் கணினி அந்த நான்கு எண்களிலிருந்து ஊகிக்கும். ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென்று மெதுவாகினால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கணினி குறைக்கும், சக்கரம் மீண்டும் சுற்றியதும் கூட்டும். சக்கரம் காரைவிட 10 முதல் 20 சதவீதம் மெதுவாகச் சுற்றும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். கணினியின் முயற்சி முழுவதும் அந்த எல்லைக்குள் நிற்பதற்கே.

இந்தச் சுழற்சியில் ஒரு கட்டம் முழுக்க முழுக்க ரயரின் கையில் இருக்கிறது. பிரேக்கைத் தளர்த்தலாம், அதைக் கணினி செய்யும். தளர்த்திய பிறகு சக்கரத்தை மீண்டும் சுற்ற வைப்பது யார்? வீதிதான். தாருக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள உராய்வு சக்கரத்தை இழுத்துச் சுற்ற வேண்டும். நடுவில் தண்ணீர் இருந்தால் அந்த இழுவை பலவீனமாகும், சக்கரம் எழும்பத் தாமதிக்கும். எழும்பும் வரை கணினி பிரேக்கை விட்டுவைத்திருக்கும். பெடலில் படபடவென்று வர வேண்டிய துடிப்பு நீண்டு, இடைவெளி விட்டு வருவதை ஓட்டுநர் உணர்வார். கார் நிற்காமல் வழுக்கிப் போவதாகத் தோன்றும். அப்போது பழுதானது ஏ.பி.எஸ். அல்ல. கொடுப்பதற்குப் பிடிமானம் இல்லாத இடத்தில் அது காத்துக்கொண்டிருக்கிறது.

பின் சக்கரங்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. முன் சக்கரங்கள் இரண்டையும் கணினி தனித்தனியாகக் கையாளும். பின் சக்கரங்களைப் பெரும்பாலான கார்களில் சேர்த்துக் கையாளும். அவற்றில் எதற்குப் பிடிமானம் குறைவோ அதன் அளவுக்கே இரண்டுக்கும் பிரேக் அழுத்தம் கொடுக்கும். பின்புறம் பக்கவாட்டில் வீசாமல் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையில் அப்படி வடிவமைத்தார்கள். அதன் விளைவாக, இடது பின் ரயர் ஒன்றில் மட்டும் காற்று இறங்கியிருந்தாலும் வலது பின் ரயரின் நல்ல பிடிமானமும் பயன்படாமல் போகும். கடும் பிரேக்கில் எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். ஆகவே தூரத்தில் இழப்பு அளவானது. முன் ரயர் ஒன்றில் காற்று இறங்கியிருந்தால் கதை மோசம். நல்ல பக்கம் பலமாகப் பிடிக்க, மற்றப் பக்கம் வழுக்க, கார் நல்ல பக்கத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும்.

நம் ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெட்டிவிட்டார். இங்கே ஈ.எஸ்.சி. என்ற நிலைப்படுத்தும் முறை உள்ளே வருகிறது. 1995 இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் முதலில் வந்த இதை ஜப்பானிலிருந்து வரும் டொயோட்டாக்களில் வீ.எஸ்.சி. என்றும் சுசுக்கியில் ஈ.எஸ்.பி. என்றும் எழுதியிருப்பார்கள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கார் எந்த வேகத்தில் போகிறது என்ற இரண்டையும் வைத்து, கார் செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று கணினி கணக்கிடும். உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காரின் நடுவில் இருக்கும் ஒரு உணரி சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து காரைத் திருத்தும்.

அந்தக் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. தொழிற்சாலையில் பொறியியலாளர்கள் ஈ.எஸ்.சி.யைச் சரிபார்த்தபோது ரயர்களில் தகட்டில் சொன்ன காற்று இருந்தது. ரயர் இவ்வளவு சாய்ந்தால் இவ்வளவு பக்கவிசை வரும் என்பது அதற்கேற்ப எழுதப்பட்டது. 20 பி.எஸ்.ஐ. ரயரின் பக்கச்சுவர் மென்மையானது. ஸ்டியரிங் திரும்பியதும் முதலில் சுவர் மடியும், அதற்குப் பிறகுதான் பக்கவிசை பிறக்கும். அந்தத் தாமதமும், அதே விசைக்கு ரயர் கூடுதலாகச் சாய வேண்டியிருப்பதும் கணினியின் கணக்கில் இல்லை. ஏதோ பிழை என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

முன் இரண்டும் 32, பின் இரண்டும் 20 என்று வைத்து பஸ்ஸைச் சுற்றிப் போவதைப் படிப்படியாகப் பாருங்கள். ஓட்டுநர் வலப்பக்கம் வெட்டுகிறார். முன் ரயர்கள் உடனே பதில் சொல்கின்றன, பின் ரயர்கள் தாமதிக்கின்றன. கார் பஸ்ஸைத் தாண்டுகிறது. எதிரே வாகனம் வருவதால் உடனே இடப்பக்கம் திருப்புகிறார். இந்த இரண்டாவது திருப்பம்தான் ஆபத்தானது. முதல் திருப்பத்தில் ஒரு பக்கம் மடிந்த பின் ரயரின் சுவர் எதிர்ப்பக்கம் மடிய நேரமெடுக்கும், அதற்குள் பின்புறம் வலப்பக்கமாக வீசத் தொடங்கிவிடும். கார் கேட்டதைவிட அதிகமாக இடப்பக்கம் திரும்புகிறது. ஈ.எஸ்.சி. இதைக் கண்டதும் வெளிப்பக்கத்து முன் சக்கரத்தை, அதாவது வலது முன் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். அந்தப் பிடிப்பு காரை வலப்பக்கம் இழுத்து வீச்சை அடக்கும்.

வலது முன் ரயரில் நல்ல காற்றும் அதன் கீழே தாரும் இருந்தால் இது பெரும்பாலும் பலிக்கும். கார் காப்பாற்றப்பட்டதை ஓட்டுநர் அறியவும் மாட்டார், கண்ணாடிக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு மின்னி மறையும். அந்த ரயரும் 20 இல் இருந்தால், அது நிற்கும் இடம் தண்ணீர் தேங்கிய பள்ளமாகவும் இருந்தால், கணினி எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் வரும் திருத்தம் சொற்பம். பிரேக்கை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில், எவ்வளவு கொடுப்பது என்பதில் இந்த இரண்டு முறைகளும் எந்த மனிதக் காலையும்விடத் திறமையானவை. கொடுப்பதற்கான பிடிமானத்தை அவை உண்டாக்குவதில்லை.

பின் ரயரை முன் ரயரைவிட அலட்சியமாக விடுவது ஏன் அதிக ஆபத்து என்பதும் இதிலிருந்து தெரியும். முன்புறம் பிடிவிட்டால் கார் திரும்ப மறுக்கும். ஓட்டுநருக்கு அது உடனே கையில் தெரியும், வேகத்தைக் குறைப்பார். பின்புறம் பிடிவிடுவது கார் சுழலத் தொடங்கிய பிறகே தெரியவரும்.

காற்றுக் குறைந்திருக்கிறது என்று கார் தானே சொல்லாதா? சில கார்கள் சொல்லும். ஃபயர்ஸ்டோன் ரயர்கள் பொருத்திய ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகள் அமெரிக்காவில் புரண்டு பலர் இறந்த பிறகு, 2000 ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, குறித்த அளவிலிருந்து 25 சதவீதம் காற்று இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று விதித்தார்கள். 32 பி.எஸ்.ஐ. காருக்கு அது 24. அதற்கு மேல் 25, 26 இல் விளக்கு மௌனமாக இருந்தாலும் அது விதிக்கு உட்பட்டதே. ஜப்பானில் இந்தக் கட்டாயம் இல்லாததால், அங்கிருந்து இங்கு வந்த பழைய கார்கள் பலவற்றில் அந்த விளக்கே கிடையாது.

சில கார்கள் தனி உணரி வைக்காமல் ஏ.பி.எஸ். உணரியையே இதற்கும் பயன்படுத்துகின்றன. காற்று இறங்கிய சக்கரத்தின் உருளும் ஆரம் மிகச் சிறிதளவு குறையும், அது மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த நுண்ணிய வித்தியாசத்தைக் கணினி கவனிக்கும். ஒரு ரயரில் பங்சர் என்றால் நன்றாகப் பிடித்துவிடும். நான்கும் ஒன்றாக, மாதக்கணக்கில் கசிந்தால், ஒப்பிட நல்ல சக்கரம் இல்லாததால் பழைய முறைகள் ஏமாந்துவிடும். நம் கதையின் காரில் நடந்தது அதுதான்.

அளக்கும் இடத்திலும் ஒரு பிழை நுழைகிறது. வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை வெயிலில் ஓடி வந்த ரயர், காலையில் இருந்ததைவிட 25 பாகை சூடேறியிருந்தால் உள்ளே அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். பெற்றோல் ஷெட்டில் அளந்தால் 32 காட்டும். பையன் சரியாக இருக்கிறது என்பான். குளிர்ந்த பிறகு அது 28. தகட்டில் எழுதியிருப்பது குளிர்ந்த ரயருக்கான எண். சூடான ரயர் 35 காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிடுவதும் இதே பிழைதான். நைதரசன் நிரப்பினாலும் வெப்பத்துக்கு அதே அளவில்தான் கூடும், குறையும்.

ஆகவே காலையில், கார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். கையடக்க அளவி ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தகட்டில் இருக்கும் கிலோபாஸ்கல் எண்ணை 6.9 ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. வரும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண் இருக்கிறதா, ஐந்து பேரும் பொதிகளும் ஏறும் நாளுக்குத் தனி வரிசை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் காருக்குரிய எண் அல்ல. வழக்கமாகப் போகும் ஈர வளைவில், முன்பு வராத ஈ.எஸ்.சி. விளக்கு இப்போது மின்னினால், அல்லது மெல்லிய பிரேக்குக்கே பெடல் துடித்தால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நான்கு ரயர்களையும் அளந்து பாருங்கள். அடுத்த பருவமழைக்கு முன் அதைச் செய்யுங்கள், பின் ரயர் இரண்டிலிருந்தும் தொடங்குங்கள்.